தூண்டில் எழுத்து

"இருக்கிறபடியே எழுது. புரியாத இடத்துல நீயா ஒண்ணும் சேர்க்காத" என்றார் அப்பா.

ராமேஸ்வரம் தபாலாபீஸின் பின்பக்கத் திண்ணையில், அரிக்கேன் விளக்குக்கு முன்னால் முருகேசன் உட்கார்ந்திருந்தான். சணல் கயிறு கட்டிய கடிதக் கட்டு எதிரே இருந்தது. எல்லாம் தனுஷ்கோடிக்கு வந்தவை. 1964 டிசம்பர் 22 ராத்திரி கடல் ஏறி வந்ததில் அந்த ஊரே போய்விட்டது. பாலத்தைச் சரிசெய்து ரயில் மறுபடி வந்தபோது, தேங்கிய தபாலும் அதோடு வந்தது. திங்கட்கிழமை எல்லாம் திரும்பப் போக வேண்டும். அனுப்பியவர் விலாசம் இல்லாதவை மெட்ராஸில் ஓர் ஆபீஸுக்குப் போகும்.

தப்பித்தவர்கள் கொட்டகைகளில் தங்கியிருந்தார்கள். கடிதங்களை அங்கே தூக்கிக்கொண்டு அலைய முடியாது. நோட்டு ஒன்று இருந்தால் போதும் என்பது அப்பாவின் யோசனை.

கோணல் எழுத்தைக் கோணலாகவே எழுதினான் முருகேசன். 'சுங்க ஆபீஸ் எதிரில், கருவாட்டுக் கடை.' 'பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டுக்கு அடுத்த குடிசை.' அந்தக் கடையும் குடிசையும் இப்போது தண்ணீருக்குள். காப்பியிங் பென்சிலை நக்கி நக்கி நாக்கு ஊதாவாகிவிட்டது.

நாற்பத்தோராவது ஓர் இலங்கைத் தபால். ஈரத்தில் பெயர் கரைந்து '...ம்மாள்' மட்டும் மிஞ்சியிருந்தது. அப்புறம் 'கீழத்தெரு, மாதா கோயில் பின்புறம்.' கறையையும் அதே அளவில் வரைந்தான். 'ழ'வின் வால் கீழே இறங்கி, வளைந்து, கூராக மேலேறியது. மூன்று தடவை எழுதிப் பார்த்த பிறகுதான் அது படிந்தது. தபால் முத்திரையின் வட்டத்தையும் விடவில்லை. நுவரெலியா.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கொட்டகை கொட்டகையாக வாசித்துக்கொண்டே போனார். சிலர் கை தூக்கினார்கள். சில பெயர்களுக்கு யாரும் பேசவில்லை. அப்பா கொஞ்சம் நின்றுவிட்டு அடுத்ததற்குப் போனார்.

"...ம்மாள், கீழத்தெரு."

"கீழத்தெருவுல எத்தனையோ அம்மாள் இருந்தோமே அய்யா" என்றாள் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு கிழவி.

முருகேசன் நோட்டை அவளிடம் நீட்டினான்.

"எனக்குப் படிக்கத் தெரியாது, தம்பி" என்றவள், சும்மா பார்ப்பதுபோல் குனிந்தாள். வலை மடியிலிருந்து சரிந்தது. 'ழ'வின் வாலில் விரலை வைத்தாள்.

"இது எம் மவன் போடுற தூண்டில் முள்ளு. மாசாமாசம் பாப்பேனே."

அப்பா நோட்டை மூடிக் கையில் பிடித்துக்கொண்டார். "மகன் எங்க இருக்காரு, ஆத்தா?"

"நுவரெலியாவுல. தேயிலைத் தோட்டத்துல."

"ஆத்தா பக்கத்துலயே உக்காந்திரு" என்று முருகேசனிடம் சொல்லிவிட்டு அப்பா சைக்கிளைத் திருப்பினார். மணலில் அது ஓடவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினார்.