சோறு வெந்தது றைஸ் குக்கருக்கு எப்படித் தெரியும்?
(கல்முனைப் பாடசாலை ஒன்றில், 10ஆம் தர மாணவர்களுக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பொறியியலாளர் ஆற்றிய உரை)

வணக்கம் பிள்ளைகள். சாதாரண றைஸ் குக்கருக்குள் கணினி இல்லை. வெப்பத்தை உணரப் பானைக்கு அடியில் ஒரு காந்தம் மட்டும் இருக்கிறது. தண்ணீர் உள்ளவரை பானையின் அடி ஏறத்தாழ 100 பாகை செல்சியஸில் நிற்கும். தண்ணீர் வற்றியதும் வெப்பம் ஏறும். 103 பாகையளவில் காந்தப்பிடி விட்டுப்போக, ஆளி "டக்" என்று விழும். எவ்வளவு அழகான யோசனை! பானைக்கு அடியில் ஒரு சோற்றுப்பருக்கை சிக்கினாலே வெப்பம் சரியாகக் கடத்தப்படாது. ஆளி நேரம் தவறி விழும். அடியைத் துடைத்துவிட்டு வையுங்கள்.

இனி மேல்தாங்கி மோட்டர். மிதவை ஆளிக்கு ஏன் இரண்டு மட்டம்? தாங்கியில் தண்ணீர் 30 சென்ரிமீற்றருக்குக் கீழே இறங்கினால் மோட்டர் ஓடும், 90க்கு ஏறினால் நிற்கும். ஒரே மட்டம் வைத்தால் தண்ணீர் சற்று ஆடினாலும் மோட்டர் ஓடி ஓடி நிற்கும். தொடங்கும் ஒவ்வொரு முறையும் வழமையைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். ரிலேயின் தொடுமுனை கருகும், சுருள் சூடேறும். அந்த இடைவெளிதான் மோட்டரைக் காப்பாற்றுகிறது. பிரிஜ்ஜிலும் இதே முறைதான்.

உணரி பிழையாகச் சொன்னால் கட்டுப்பாடு முழுவதும் பிழையாகிவிடும். குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் இரும்பு கூடினால் மிதவையில் துருப்படிந்து அது சிக்கும், தாங்கி வழியும். கிணறு வற்றிய நேரத்தில் மோட்டர் ஓடினால் சீல் எரியும். அதனால் கிணற்றுக்குள்ளும் ஒரு மிதவையைத் தொடராக இணைக்க வேண்டும்.

மிதவையைத் துப்புரவாக்க முன்னர் பிரதான ஆளியை நிறுத்துங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.