ஞாயிறு பத்தி: விடைபெறுகிறேன்

அடுத்த வாரம் முதல் இந்தப் பத்தியை வேறொருவர் எழுதுவார். நாளையோடு எனக்குப் பணி ஓய்வு.

டெலிபிரிண்டர் காலத்தில் செய்தி அறைக்குள் வந்தவன் நான். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் மாவட்ட நிருபர்கள். சுனாமி தாக்கிய 2004 டிசம்பர் 26 அன்று இரவு, நாகப்பட்டினத்திலிருந்து பேசிய எங்கள் நிருபர் வெறும் எண்ணிக்கையைத் தர மறுத்துவிட்டார். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் என ஊர் ஊராகப் பெயர், தகப்பன் பெயர், வயது என்று நிதானமாக வாசித்தார். ஒரே பெயரில் இருவர் இருந்தால் தெருவையும் சேர்த்துச் சொன்னார். தலைப்புக்காகக் காத்திருந்த எங்களுக்கு எரிச்சல்தான். மறுநாள், வெளியூரில் வேலைபார்த்த அந்தக் கடற்கரைக்காரர்கள் அந்தப் பட்டியலில்தான் தங்கள் வீட்டாரைத் தேடினார்கள்.

அதன் பிறகு, ‘பலர் பலி’ என்று வந்த எந்தச் செய்தியையும் யார், எந்த ஊர் என்று கேட்காமல் நான் அச்சுக்கு விட்டதில்லை. உறுதிசெய்யாத எண்ணிக்கையை முந்திக்கொண்டு வெளியிடுவது, காத்திருக்கும் குடும்பங்களுக்குச் செய்யும் கொடுமை. இன்றைய தொலைக்காட்சி அவசரத்தைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

இந்த நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அச்சான செய்தியின் நீளத்துக்கேற்பத்தான் பணம். இதை மாற்றச் சொல்லி நிர்வாகத்திடம் பல ஆண்டுகள் வாதாடினேன். பாதிப் பேருக்குத்தான் நடந்தது. மீதிப் பேருக்காகப் புதிய ஆசிரியர் விடாமல் கேட்க வேண்டும்.