அக்டோபர் 6 முதல் சில உணவுகளின் விலை உயர்கிறது: காரணமும் முழு விவரமும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் அக்டோபர் 6, 2025, திங்கட்கிழமை முதல் செங்கோட்டை குண்டாற்றங்கரை சைவ உணவகத்தில் எட்டு உணவுகளின் விலையைச் சற்று உயர்த்துகிறோம். பலகையில் திடீரென்று மாற்றி எழுதிவிட்டு, நீங்கள் பில்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடுவது முறையல்ல என்பதால், மாத அட்டை வைத்திருப்பவர்களுக்கும் பார்சல் கணக்கு உள்ளவர்களுக்கும் முன்கூட்டியே இந்த மின்னஞ்சலை அனுப்புகிறோம்.

முதலில் விலைகள். இவை அனைத்தும் வரிக்கு முந்தைய விலைகள். இப்போதுபோலவே 5 சதவீத ஜிஎஸ்டி பில்லில் தனியாக வரும்.

முழுச் சாப்பாடு: 110 ரூபாயிலிருந்து 120 ரூபாய்
மட்ட அரிசிச் சாப்பாடு: 120 ரூபாயிலிருந்து 130 ரூபாய்
ஞாயிற்றுக்கிழமை சொதிச் சாப்பாடு: 140 ரூபாயிலிருந்து 155 ரூபாய்
ஆப்பம் இரண்டு, தேங்காய்ப்பாலுடன்: 50 ரூபாயிலிருந்து 55 ரூபாய்
புட்டும் கடலைக் கறியும்: 55 ரூபாயிலிருந்து 60 ரூபாய்
அடை அவியல்: 75 ரூபாயிலிருந்து 85 ரூபாய்
நேந்திரங்காய் வறுவல், கால் கிலோ: 110 ரூபாயிலிருந்து 125 ரூபாய்
ஃபில்டர் காபி: 20 ரூபாயிலிருந்து 22 ரூபாய்

இட்லி, தோசை, வெண்பொங்கல், வடை, சாம்பார் சாதம், தயிர் சாதம், தேநீர் ஆகியவற்றின் விலையில் எந்த மாற்றமும் இல்லை. நெய் ரோஸ்ட் 95 ரூபாயிலிருந்து 90 ரூபாயாகக் குறைகிறது. அதன் காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

இந்த உயர்வுக்கு முதன்மையான காரணம் தேங்காய். நம் ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். எல்லை மாறிய பிறகும் இங்குள்ள அடுப்பங்கரைகள் தேங்காயையும் தேங்காயெண்ணெயையும் விட்டுவிடவில்லை. எங்கள் சமையலும் அப்படித்தான். சொதிக்கு மூன்று பாலும் தேங்காயிலிருந்துதான் எடுக்கிறோம். அவியலை இறக்கும்போது பச்சைத் தேங்காயெண்ணெய் ஊற்றாமல் அது அவியலாகாது. நேந்திரங்காய் வறுவலும் அதே எண்ணெயில்தான் பொரிகிறது. வேறு ஊரில் உள்ள ஒரு சைவ உணவகத்துக்குத் தேங்காய் விலை ஏற்றம் சட்னியோடு முடிந்துவிடலாம். எங்களுக்கு அது மதியச் சாப்பாட்டின் பாதிக் கறிகளைத் தொடுகிறது.

சென்ற ஆண்டு செப்டம்பரில் நாங்கள் செக்கில் லிட்டர் 230 ரூபாய்க்கு வாங்கிய தேங்காயெண்ணெயை இந்த மாதம் 390 ரூபாய்க்கு வாங்கினோம். மாதத்துக்கு ஏறத்தாழ 90 லிட்டர் செலவாகும் எங்களுக்கு இந்த ஒன்றில் மட்டுமே 14,400 ரூபாய் கூடுதல். உரித்த தேங்காய் கிலோ 32 ரூபாயிலிருந்து 62 ரூபாய்க்கு வந்திருக்கிறது. நாளொன்றுக்குப் பதினைந்து கிலோ துருவுகிற இடத்தில் இது மாதத்துக்கு 13,500 ரூபாய் ஆகிறது. வெயிலிலும் வறட்சியிலும் காய்ப்புக் குறைந்ததும், 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ பின்னர் பல மாவட்டத் தோப்புகளுக்கும் பரவியதும், இளநீராகவே பெருமளவு காய் வெட்டப்படுவதால் கொப்பரைக்கு வரும் காய் குறைந்ததும் சேர்ந்துதான் விலையை இந்த இடத்துக்குக் கொண்டுவந்திருக்கின்றன. அரவைக் கொப்பரைக்கு 2025ஆம் பருவத்தில் மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். சந்தை விலையோ அதை வெகுதூரம் தாண்டி நிற்கிறது.

இதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை என்பதையும் தெளிவுபடுத்த விரும்புகிறோம். எங்களிடம் சாப்பிடுகிறவர்களில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் பலர். காய்க்கு வெட்டுக்கூலிகூடத் தேறாத ஆண்டுகளை அவர்கள் கடந்து வந்ததை நாங்கள் அறிவோம். அவர்களுக்கு இப்போது கிடைக்கும் விலை நியாயமானது. அந்த நியாயமான விலையைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதால்தான் எங்கள் விலையையும் மாற்ற வேண்டியிருக்கிறது.

இரண்டாவது காரணம் சம்பளம். கடந்த ஜூலையில் எங்களிடம் வேலை செய்யும் ஒன்பது பேருக்கும் மாதத்துக்கு 1,500 ரூபாய் உயர்த்தினோம். புளியரையைத் தாண்டினால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று வரிசையாக உணவகங்கள் இருக்கின்றன; அங்கே நாள்கூலி இங்குள்ளதைவிடக் கூடுதல். காலையில் ரயிலேறி வேலைக்குப் போய் இரவில் வீடு திரும்பிவிடலாம். அப்படியிருக்க, பழகிய கைகள் இங்கேயே நிலைக்க வேண்டுமென்றால் அதற்குரிய ஊதியத்தைக் கொடுப்பதே சரி. வாரந்தோறும் ஆள் மாறும் சமையற்கூடத்தில் ஒரே பக்குவத்தில் சாம்பார் வைக்க முடியாது. அதைவிட, அதிகாலையில் அடுப்பு மூட்டுகிறவர்கள் தம் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குக் கடன் வாங்கும் நிலையில் இருக்கக் கூடாது என்று நாங்கள் உறுதியாக எண்ணுகிறோம். காபிக்குக் காரணம் வேறு: உலகச் சந்தையில் காபிக்கொட்டை விலை இந்த ஆண்டுத் தொடக்கத்தில் இதுவரை இல்லாத உயரத்துக்குச் சென்றது. காபியின் இரண்டு ரூபாய் அதற்காக மட்டுமே.

காரணம் அல்லாதவற்றையும் சொல்லிவிடுவது நேர்மையாகும். விலை உயர்வு அறிவிப்புகளில் கேஸ் சிலிண்டரைக் காட்டுவது வழக்கம். ஆனால் 19 கிலோ வணிக சிலிண்டரின் விலை இந்த ஆண்டு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதந்தோறும் சிறிது சிறிதாகக் குறைந்தே வந்திருக்கிறது. துவரம் பருப்பும் சென்ற ஆண்டைவிட மலிவு. காய்கறி விலையும் காரணமில்லை: ஓணத்துக்கு முன்பு பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து லாரிகள் கேரளத்துக்குப் புறப்படும் நாட்களில் எல்லாம் ஏறும், பிறகு இறங்கும், அந்த ஏற்ற இறக்கத்தை ஆண்டுதோறும் நாங்களே ஏற்றுக்கொள்கிறோம். சிலிண்டரிலும் பருப்பிலும் மிச்சமாகும் பணத்தைக் கூடுதல் செலவில் கழித்த பிறகுதான் மேலே உள்ள விலைகளை முடிவு செய்தோம். அதனால்தான் தேங்காய் அதிகம் சேராத சாம்பார் சாதமும் பொங்கலும் பழைய விலையிலேயே இருக்கின்றன.

செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி குறைந்திருக்கும்போது உணவகத்தில் ஏன் விலை கூடுகிறது என்று நீங்கள் கேட்கலாம். அது மிகச் சரியான கேள்வி. உணவக பில்லுக்கான வரி முன்பும் 5 சதவீதம், இப்போதும் 5 சதவீதம். அதில் மாற்றம் இல்லை. நாங்கள் வாங்கும் பொருட்களுக்குச் செலுத்தும் வரியை இந்த 5 சதவீதத்தில் கழித்துக்கொள்ளும் வசதி எங்களைப் போன்ற உணவகங்களுக்குக் கிடையாது. ஆகவே ஒரு பொருளின் வரி குறைந்து அதன் கொள்முதல் விலையும் குறைந்தால் மட்டுமே எங்களுக்குப் பயன். நெய்க்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அந்தப் பயனை நாங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் நெய் ரோஸ்ட்டின் விலையைக் குறைத்திருக்கிறோம்.

விலையை உயர்த்தாமல் சமாளிக்க இருந்த வழிகளையும் யோசித்தோம். வறுவலைப் பாமாயிலில் பொரிக்கலாம், தேங்காயெண்ணெயோடு வேறு எண்ணெய் கலக்கலாம், அவியலில் ஒரு கரண்டியைக் குறைக்கலாம், கிண்ணத்தைச் சிறிதாக்கலாம். இவற்றில் எதைச் செய்தாலும் பலகையில் விலை மாறாது. ஆனால் நீங்கள் கொடுக்கும் அதே பணத்துக்கு உங்களுக்குத் தெரியாமலே குறைவான ஒன்றைக் கொடுத்தவர்களாவோம். அதைச் செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை. சாப்பாட்டில் சோறு, சாம்பார், ரசம், மோர் ஆகியவை இப்போதுபோலவே கேட்கும் அளவுக்குப் பரிமாறப்படும். பொரித்த எண்ணெயை மறுநாள் பயன்படுத்தாத வழக்கமும் அப்படியே தொடரும்.

மாத அட்டை வைத்திருப்பவர்களுக்கு: அக்டோபர் மாதத்துக்கான அட்டைக்கு, அதை நீங்கள் எந்த நாளில் வாங்கினாலும், பழைய கட்டணமான 2,600 ரூபாயே பொருந்தும். நவம்பர் 1 முதல் 26 சாப்பாட்டுக்கான அட்டை 2,800 ரூபாயாகிறது. அதாவது ஒரு சாப்பாட்டுக்கு எட்டு ரூபாய்க்கும் சற்றுக் குறைவான உயர்வு. பள்ளி, வங்கி அலுவலகங்களுக்குச் செல்லும் தினசரிப் பார்சல்களைக் கொண்டுவந்து கொடுப்பதற்கு முன்போலவே தனிக் கட்டணம் எதுவும் கிடையாது. ஏற்கெனவே முன்பணம் கொடுத்த விசேஷ ஆர்டர்கள் அனைத்தும் பேசிய விலையிலேயே நடக்கும். தீபாவளிக்கு வறுவல் வேண்டுபவர்கள் அக்டோபர் 5ஆம் தேதி இரவுக்குள் சொல்லிவிட்டால், பின்னர் வாங்கிக்கொண்டாலும் பழைய விலைதான். புனலூர், கொல்லத்திலிருந்து மொத்தமாக வாங்கிச் செல்லும் அன்பர்களுக்கும் இது பொருந்தும்.

கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள் இவ்வழியே வரும் நாட்களில் தனியாக சீசன் விலை எதுவும் வைக்க மாட்டோம்; சாமிமார்களுக்கும் உங்களுக்கும் ஒரே விலை. தேங்காயெண்ணெயின் கொள்முதல் விலை 300 ரூபாய்க்குக் கீழே இறங்கி இரண்டு மாதம் அங்கேயே நின்றால், சொதிச் சாப்பாடு, ஆப்பம், அடை அவியல், வறுவல் ஆகிய நான்கின் விலையையும் குறைப்போம். சாதாரணச் சாப்பாட்டின் உயர்வில் சம்பளத்துக்கும் பங்கு இருப்பதால் அதைக் குறைக்க முடியும் என்று இப்போது வாக்களிக்க இயலவில்லை. குறைத்தாலும், வேறு எந்த மாற்றம் செய்தாலும், இதேபோல முன்கூட்டியே எழுதுவோம்.

நாள்தோறும் இங்கேயே சாப்பிடுகிற மாணவர்களுக்கும், தனியாக வசிக்கும் பெரியவர்களுக்கும் பத்து ரூபாய்கூடச் சுமைதான் என்பதை அறிவோம். அவர்கள் கல்லாவில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழைய விலையிலேயே சாப்பாடு தரச் சொல்லியிருக்கிறோம், காரணம் கேட்க மாட்டோம். மற்ற ஐயங்களையும் கருத்துகளையும் இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாக எழுதலாம், அல்லது மாலை 4 மணி முதல் 6 மணி வரை உணவகத்தில் நேரில் சொல்லலாம். புதிய விலைப்பட்டியல் கைகழுவும் இடத்துக்கு அருகிலும் கல்லாவிலும் இன்றே ஒட்டப்பட்டிருக்கிறது. சரஸ்வதி பூஜைக்காக அக்டோபர் 1ஆம் தேதி மட்டும் மதியம் 2 மணிக்கு மேல் உணவகம் இயங்காது.

இத்தனை ஆண்டுகளாக எங்களோடு இருப்பதற்கு மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
உரிமையாளர்,
குண்டாற்றங்கரை சைவ உணவகம்,
செங்கோட்டை.
25 செப்டம்பர் 2025