மூன்றாம் காலாண்டு விற்பனை ஆய்வு: தலைமைக் குழுவுக்கான உரை
(பேசுபவர்: விற்பனைத் தலைவர். உரை 10 நிமிடம், பிறகு கேள்விகள்.)

[திரை 1: மொத்த வருமானம்]

எல்லோருக்கும் வணக்கம். மோசமான எண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருடம் இதே காலாண்டின் வருமானத்தை 100 என்று வைத்துக்கொண்டால், இந்த முறை நாம் நிற்பது 88-இல். முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டால் சரிவு கொஞ்சம் குறைவாகத் தெரியும். ஆனால் நம் கிடங்கு மென்பொருள் விற்பனை பருவத்துக்குப் பருவம் மாறக்கூடியது. அதனால் இன்று முழுக்கப் போன வருடத்தோடுதான் ஒப்பிடப் போகிறேன்.

[திரை 2: 12 புள்ளிகள் எங்கே போயின]

இழந்த 12 புள்ளிகளில் புதிய வாடிக்கையாளர் விற்பனையில் போனது 7. சந்தா புதுப்பிப்பில் 3, பயிற்சி மற்றும் நிறுவும் சேவையில் 2. சேவை வருமானம் புதிய விற்பனையின் பின்னாலேயே வருவது. விற்பனை ஏறினால் அதுவும் ஏறும், அதனால் அதற்குத் தனியாக நேரம் செலவிடப் போவதில்லை.

[திரை 3: புதிய விற்பனை]

முடிவெடுக்கும் கட்டத்துக்கு வந்த டீல்கள் போன வருடம் 240, இந்த வருடம் 236. ஆகவே ஆட்கள் வரவில்லை என்று சொல்ல முடியாது, மார்க்கெட்டிங் குழு தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் கையெழுத்தானது அன்று 60, இன்று 48. வெற்றி விகிதம் 25 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியிருக்கிறது.

அந்த 7 புள்ளிகளைப் பிரித்துப் பார்த்தோம். 12 டீல்கள் குறைந்ததால் போனது 6. மீதி 1 புள்ளி நாமே கொடுத்த தள்ளுபடியில் போனது. சராசரித் தள்ளுபடி 8 சதவீதத்திலிருந்து 12 ஆகியிருக்கிறது. அதாவது அதிகம் விட்டுக்கொடுத்தும் குறைவாகத்தான் விற்றிருக்கிறோம்.

அப்படியென்றால் போட்டியாளர்கள் நம்மை அடித்துவிட்டார்களா? இல்லை. முழுக்கக் கைவிட்டுப் போன டீல்கள் போன வருடம் 168, இந்த வருடம் 157. கூடியிருப்பது முடிவாகாமல் தொங்குபவை: 12 இருந்த இடத்தில் 31. முதல் டெமோவிலிருந்து கையெழுத்து வரை சராசரியாக 61 நாள் ஆனது இப்போது 84 நாள் ஆகிறது.

[திரை 4: ஒரு டீலின் நாட்காட்டி]

ஒரு டீலை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். டெமோ நன்றாகப் போனது. மறுநாளே வாடிக்கையாளர் தன் பழைய சரக்கு இருப்புக் கோப்பை அனுப்பினார். ஒரே பொருள் அதில் மூன்று பெயர்களில் இருந்தது. "இதை உங்கள் சிஸ்டத்தில் ஏற்றினால் என்ன ஆகும்?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். நம் பதில் போனது 19-ஆம் நாள். நடுவில் நம் விற்பனையாளர் நான்கு முறை போன் செய்திருக்கிறார். மூன்றாவது அழைப்பில் 5 சதவீதம் கூடுதல் தள்ளுபடியும் சொல்லியிருக்கிறார். அந்த வாடிக்கையாளரோ விலையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. டீல் இன்னும் தொங்குகிறது.

இப்படிப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்வது விற்பனையாளர் அல்ல, தொழில்நுட்ப முன்விற்பனைக் குழு. ஐந்து பேர் இருந்த அந்தக் குழுவில் இப்போது மூன்று பேர். இரண்டு பேரைப் புதிய ரிலீஸுக்கு மாற்றினோம், அன்றைய நிலையில் அது நியாயமான முடிவு. அதன் விலை இப்போது தெரிகிறது. பழைய தரவு பத்திரமாக வந்து சேருமா என்ற பயம் தீராமல் எந்தக் கிடங்கு மேலாளரும் கையெழுத்துப் போட மாட்டார். அந்தப் பயத்தைத் தள்ளுபடி தீர்க்காது. அதனால்தான் விலையைக் குறைக்கலாம் என்ற யோசனையை நான் உறுதியாக எதிர்க்கிறேன்.

[திரை 5: புதுப்பிப்பு]

புதுப்பிப்பில் போன 3 புள்ளிகளில் 2 புள்ளி இரண்டே இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் விலகியதால். மற்றது பயனர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டவர்களால். விலகிய இருவரில் ஒருவரின் கிடங்கில் லாகின் எண்ணிக்கை நான்கு மாதமாகவே இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அறிக்கை நம் சிஸ்டத்திலேயே இருக்கிறது, பார்ப்பது யார் பொறுப்பு என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. இனி புதுப்பிப்புத் தேதிக்கு 120 நாள் முன்பே வாடிக்கையாளர் நலக் குழு ஒவ்வொரு பெரிய கணக்கின் பயன்பாட்டையும் பார்த்து, இறங்கியிருந்தால் அந்த வாரமே நேரில் பேசும்.

[திரை 6: மீட்புத் திட்டம்]

திட்டத்தின் மையம் ஒன்றுதான்: தரவு மாற்றக் கேள்விக்கு 7 நாளில் பதில். பதில் என்றால் ஆவணம் அல்ல. வாடிக்கையாளரின் சொந்தக் கோப்பிலிருந்து 500 வரிகளை ஏற்றி, அவர் கண்முன்னால் ஓட்டிக் காட்டுவது. அதற்கு ஐந்து பேர் வேண்டும்.

தள்ளுபடி 10 சதவீதத்தைத் தாண்டினால் என் ஒப்புதல் வேண்டும். தொங்கும் 31 டீல்களையும் இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வாடிக்கையாளர் தரப்பில் அடுத்த படிக்குத் தேதி கொடுக்காத டீலைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம். விற்பனைக் குழுவில் இது பிடிக்காதவர்கள் இருப்பார்கள், ஆனால் நம்பிக்கையை மட்டும் வைத்து வருமானத்தைக் கணிக்க முடியாது.

[திரை 7: எப்போது மீள்வோம்]

அடுத்த காலாண்டில் 100-க்குத் திரும்புவோம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரு டீல் முடிய 84 நாள் ஆகும்போது, இன்று செய்யும் திருத்தம் அடுத்த காலாண்டின் இன்வாய்ஸில் பெரிதாகத் தெரியாது. என் கணிப்பு: அடுத்த காலாண்டு 89, அதற்கடுத்து 93, அப்புறம் 97. தொங்கும் டீல்களில் மூன்றில் ஒன்றுதான் வழக்கமாக முடிகிறது. அதனால் சுமார் பத்தை மட்டுமே எண்ணியிருக்கிறேன். அதே அளவுக்கு அடுத்த காலாண்டிலும் சில டீல்கள் நழுவும், இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடும்.

வருமானம் அசையும் முன்பே அசைய வேண்டியவை பதில் நாட்களும் சராசரித் தள்ளுபடியும். இரண்டையும் வாரந்தோறும் உங்களுக்கு அனுப்புகிறேன். 45 நாளில் பதில் நேரம் 10 நாளுக்குக் கீழே வந்தும், தொங்கும் டீல்கள் குறையவில்லை என்றால் என் கண்டறிதல் தவறு. அப்போது விலையையும் பொருளையும் திரும்பப் பேச நானே கூட்டம் கேட்பேன்.

[திரை 8: இன்று வேண்டிய முடிவுகள்]

மூன்று ஒப்புதல்கள் கேட்கிறேன். முதலாவது, இரண்டு பொறியாளர்களும் அடுத்த இரண்டு காலாண்டுகளுக்கு முன்விற்பனைக்குத் திரும்ப வேண்டும். இதனால் புதிய ரிலீஸ் சுமார் ஆறு வாரம் தள்ளிப்போகும் என்று பொருள் மேம்பாட்டுத் தலைவர் மதிப்பிட்டிருக்கிறார். சின்ன இழப்பல்ல, தெரிந்தேதான் கேட்கிறேன். இரண்டாவது, தள்ளுபடி வரம்பு நாளையிலிருந்தே நடைமுறைக்கு வர வேண்டும். மூன்றாவது, விற்பனையாளர்களின் டார்கெட்டை 89 என்ற கணிப்புக்கு ஏற்ப மாற்ற வேண்டும். எட்ட முடியாத டார்கெட் கையில் இருந்தால் மாதக் கடைசியில் மறுபடியும் தள்ளுபடியைத்தான் நீட்டுவார்கள்.

ரிலீஸ் தாமதம் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன், அதிலிருந்தே தொடங்கலாம். நிதித் தலைவர் காலையில் அனுப்பிய இரண்டு கேள்விகளும் அதைப் பற்றியவைதான். சார், நீங்கள் முதலில் கேளுங்கள்.