அம்மாவின் குரல்செய்தி: வத்தக்குழம்பு

(அம்மா வாய்ஸ் மெசேஜில் சொன்னது அப்படியே. சத்தத்தில் கேட்காமல் போன இடங்களில் என்ன சத்தம் என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறேன்.)

கண்ணு, அம்மா பேசுகிறேன். காய்ச்சல் விட்டதா? நாக்கு செத்துப்போயிருக்கிறது, வத்தக்குழம்பு வேண்டும் போலிருக்கிறது என்று அனுப்பியிருந்தாயே, சொல்கிறேன் கேள். எழுந்து நிற்கத் தெம்பிருந்தால் மட்டும் செய். இல்லையென்றால் கஞ்சியே போதும், நாளைக்குச் செய்துகொள்ளலாம்.

முதலில் புளி. ஒரு (மிக்சி ஓடுகிறது) எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடு. தண்ணீர் (மிக்சி) போதும், நிறைய ஊற்றிவிடாதே. ஏங்க, மிக்சியைக் கொஞ்சம் நிறுத்துங்களேன், பிள்ளைக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன்! அப்பா சட்னி அரைக்கிறார் கண்ணு. என்ன சொன்னேன்? ஆங், புளி. 20 நிமிஷம் ஊறட்டும். நன்றாகப் பிசைந்து, திப்பியை எடுத்துவிட்டு, கரைத்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார். பல் கூச வேண்டும். கூசவில்லையென்றால் நீர்த்துவிட்டது, இன்னும் கொஞ்சம் புளி கரைத்துச் சேர்.

அடுப்பில் கனமான சட்டி வை. நல்லெண்ணெய் (குக்கர் விசில்) ஊற்று. இதில் கணக்குப் பார்க்கக் கூடாது. வத்தக்குழம்புக்கு எண்ணெய் குறைந்தால் வெறும் புளித்தண்ணீர்தான் மிஞ்சும். தீயைக் குறைத்து முதலில் சுண்டைக்காய் வத்தலை வறு. போன தடவை கொடுத்தனுப்பிய பொட்டலத்தில் இருக்கும், பார். ஒரு (குக்கர் விசில்) வத்தல் போதும், அதற்கு மேல் போட்டால் கசக்கும். நல்ல பழுப்பு நிறம் வந்ததும் எடுத்துத் தனியாக வை. கறுக்கவிடாதே.

அதே எண்ணெயில் கடுகு. வெடித்ததும் வெந்தயம் (தெருவில் லாரி ஹார்ன்). இங்கேதான் கவனம் வேண்டும். வெந்தயம் பொன்னிறமாகி வாசம் வரும். அந்த நொடியிலேயே அடுத்ததைப் போட்டுவிட வேண்டும். நின்று வேடிக்கை பார்த்தால் கறுத்துப்போகும், குழம்பு முழுக்கக் கசந்துவிடும், அப்புறம் வெல்லம் போட்டாலும் சரிவராது. கறுத்துவிட்டால் மனசு கேட்காமல் மேலே போகாதே, எண்ணெயோடு கொட்டிவிட்டுத் திரும்ப ஆரம்பி. அப்புறம் காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை. சின்ன வெங்காயம் (ஹார்ன்), பூண்டு (ஹார்ன்). இரண்டையும் முழுசாகவே போடு, நறுக்க வேண்டாம். பூண்டு மேலே சிவந்து, கரண்டியால் அழுத்தினால் அமுங்க வேண்டும். காய்ச்சல் விட்ட வாய்க்குப் பூண்டு கூட இருந்தாலும் தப்பில்லை.

இப்போது அடுப்பை நன்றாகக் குறை. மஞ்சள்தூள், குழம்புத்தூள் (குழாயில் தண்ணீர் கொட்டுகிறது) ஸ்பூன். ஒரு கிளறு கிளறு, வாசம் வந்ததும் உடனே புளியை ஊற்று. தூள் கருகினால் நெடி ஏறி இருமுவாய். ஏற்கெனவே தொண்டை சரியில்லை உனக்கு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்.

உப்பு (தண்ணீர் சத்தம்) மட்டும். வத்தலை மோரிலும் உப்பிலும் ஊறவைத்துத்தான் காயவைக்கிறேன், அதிலேயே உப்பு இருக்கிறது. கடைசியில் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம், போட்டதை எடுக்க முடியாது.

மூடாமல் கொதிக்க விடு. முதலில் நுரைத்துக்கொண்டு கொதிக்கும், பச்சை வாசனை வரும். கொஞ்ச நேரத்தில் நுரை அடங்கி, கொதி கனத்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். அதுதான் பக்குவம், மணி பார்க்க வேண்டாம். கரண்டியைத் தூக்கினால் பின்பக்கம் குழம்பு படிந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அரிசிமாவு (குக்கர் விசில்) தண்ணீரில் கரைத்து விட்டு, ஒரு கொதி விடு. வெல்லம் (விசில்) போட்டு, வறுத்த வத்தலைச் சேர்த்து இறக்கு. வத்தலை முன்னாலேயே போட்டால் ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடும்.

சூடான சாதத்தைக் குழைய வடித்து, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடு. அப்பளம் சுட்டுக்கொள், பொரிக்க வேண்டாம், எண்ணெய் சேராது இப்போது. மீதியை எடுத்து வை, மறுநாள் புளியும் காரமும் சேர்ந்து இன்னும் நன்றாக இருக்கும். ஈரக் கரண்டியைப் போட்டுவிடாதே.

மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடு, வெறும் வயிற்றில் வேண்டாம். சரி, குக்கரை இறக்க வேண்டும், வைக்கிறேன். புளி ஊற்றிக் கொதிக்கும்போது ஒரு போட்டோ எடுத்து அனுப்பு கண்ணு, நிறத்தைப் பார்த்துத் தூள் போதுமா என்று சொல்கிறேன்.