உயிருள்ளவை, உயிரற்றவை: முதல் வகுப்பிற்கான பட அட்டைப் பாடக் குறிப்பு

வகுப்பு: ஒன்று. பாடம்: சூழ்நிலையியல். குழந்தைகள்: 22 பேர். நேரம்: அடுத்தடுத்த இரு நாள்களில் 40 நிமிடப் பாடவேளைகள் இரண்டு.

குழந்தைகள் அனைவரும் எல்லா அட்டைகளையும் சரியான குவியலில் சேர்த்துவிட்டால் பாடம் முடிந்தது என்று கருத வேண்டாம். ஒரு படத்தைக் காட்டி, "இதற்கு உயிர் இருக்கிறது, ஏனென்றால்..." என்று தொடங்கி ஒரு காரணத்தைத் தன் சொந்தச் சொற்களில் குழந்தை சொல்வதே இப்பாடத்தின் நோக்கம். காரணம் கேட்காமல் விடை மட்டும் கேட்டால், ஆட்டுக்கு உயிர் உண்டு, கல்லுக்கு இல்லை என்று எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

ஆறு வயதுக் குழந்தை உயிரை அசைவோடு சேர்த்தே எண்ணுகிறது. ஓடுவது, பறப்பது, சத்தம் போடுவது எல்லாம் உயிருள்ளவை. நின்ற இடத்தில் நிற்பது உயிரற்றது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே குழந்தைகளிடம் பேசிப் பார்த்து இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே பேருந்தையும் மேகத்தையும் உயிருள்ளவற்றோடும், தென்னை மரத்தைக் கல்லோடும் ஒரு குழந்தை வைத்தால் அது கவனக்குறைவு அன்று. அந்தக் குழந்தை ஒரு விதியைப் பின்பற்றியே வைத்திருக்கிறது. அந்த விதி போதாது என்பதை அது தானே கண்டுகொள்ளும்படி அட்டைகளைத் தேர்ந்தெடுப்பதுதான் ஆசிரியரின் வேலை.

அட்டைகள்

மொத்தம் 24 அட்டைகள் தேவை. உயிருள்ளவை பதினொன்று: குழந்தை, ஆடு, கோழி, காகம், மீன், தவளை, எறும்பு, மண்புழு, தென்னை, துளசி, புல். உயிரற்றவை பத்து: கல், செங்கல், வாளி, மர நாற்காலி, பேருந்து, மேகம், சூரியன், ஆறு, சுவர்க் கடிகாரம், பொம்மை நாய். மீதமுள்ள மூன்றும் கடினமானவை: பச்சைப்பயறு, காய்ந்த மாவிலை, செத்துக் கிடக்கும் வண்ணத்துப்பூச்சி. இந்த மூன்றையும் முதல் நாள் வெளியே எடுக்க வேண்டாம்.

பழைய நாள்காட்டி, செய்தித்தாள், விதைப் பொட்டலம் ஆகியவற்றிலிருந்து படங்களை வெட்டி, ஏ4 தாளில் பாதி அளவுள்ள அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். அந்த அளவு இருந்தால்தான் வட்டத்தின் மறுபக்கம் அமர்ந்திருக்கும் குழந்தைக்கும் படம் தெரியும். இயன்ற வரை நிழற்படங்களையே பயன்படுத்துங்கள். சிரிக்கும் சூரியன், கண் வைத்த பேருந்து, கை கால் முளைத்த கத்தரிக்காய் போன்ற கேலிச்சித்திரங்களை இப்பாடத்தில் முற்றிலும் தவிர்க்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். முகம் வரைந்த சூரியனைக் காட்டிவிட்டு அதற்கு உயிரில்லை என்று சொன்னால், படம் ஒன்றும் நாம் ஒன்றும் சொல்வதாகக் குழந்தை குழம்பும். செடிகளின் படத்தில் வேரோ, அது ஊன்றியிருக்கும் மண்ணோ தெரிவது நல்லது. நெருப்பின் படத்தைச் சேர்க்கவில்லை; விறகைத் தின்று, பெரிதாகி, பக்கத்தில் பற்றிக்கொள்ளும் நெருப்பு நாம் கேட்கப்போகும் மூன்று கேள்விகளுக்கும் ஆம் என்று சொல்வதைப்போல் தோன்றும். அதை விளக்க இந்த வயது போதாது.

முதல் நாள்

வகுப்பறைக்குள் தொடங்க வேண்டாம். முதல் பத்து நிமிடங்கள் குழந்தைகளைப் பள்ளி வளாகத்தில் நடத்திச் சென்று, ஆளுக்கொரு பொருளைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். கொடிக்கம்பம், தண்ணீர்த் தொட்டி, வேப்பமரம், எறும்புச் சாரை, மதிய உணவுக்காகக் கழுவிக் கவிழ்த்த தட்டு என்று எதைக் காட்டினாலும் ஏற்றுக்கொண்டு, திருத்தாமல் கடந்து செல்லுங்கள்.

உள்ளே வந்ததும் தரையில் சுண்ணக்கட்டியால் இரண்டு பெரிய வட்டங்கள் வரைந்து, ஒன்றில் ஒரு பச்சை இலையையும் மற்றொன்றில் ஒரு கூழாங்கல்லையும் வையுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்காத குழந்தைக்கும் எந்த வட்டம் எதற்கு என்பது இதனால் விளங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சதுரம் வரைந்து, அதற்கு "பிறகு பார்ப்போம்" என்று பெயர் சொல்லுங்கள். இந்தச் சதுரம் மிக முக்கியமானது. தெரியவில்லை என்று சொல்லவும், சண்டையில்லாமல் ஓர் அட்டையை ஒத்திவைக்கவும் குழந்தைகளுக்கு ஓர் இடம் வேண்டும்.

ஆடு, கல், குழந்தை, வாளி என்ற எளிய நான்கு அட்டைகளோடு தொடங்கி, ஐந்தாவதாகப் பேருந்தை எடுங்கள். பெரும்பாலும் வகுப்பு அங்கேதான் உயிர் பெறும். உரையாடலை ஏறத்தாழ இவ்வாறு நடத்தலாம்.

"பஸ்ஸுக்கு உயிர் இருக்கு டீச்சர். வேகமா ஓடுதே!"

"சரிப்பா, ஓடுது. அது எதையாவது சாப்பிடுதா?"

"டீசல் குடிக்குது டீச்சர்!"

"நல்லா யோசிச்சிருக்க. டீசல் குடிச்சுக் குடிச்சு அந்த பஸ் பெருசா வளந்துச்சா? போன வருசம் சின்ன பஸ்ஸா இருந்துச்சா?"

"இல்ல டீச்சர்."

"ஆடு?"

"எங்க வீட்டுக் குட்டி இப்ப பெருசாயிருச்சு டீச்சர்."

டீசல் குடிக்கிறது என்ற விடையை மறுக்காதீர்கள். அது அந்தக் குழந்தையின் மிகச் சிறந்த சிந்தனை. ஒரு கேள்வி மட்டும் போதாது, அடுத்த கேள்வியும் வேண்டும் என்பதை அந்த விடையே வகுப்புக்குக் காட்டிக்கொடுக்கிறது. இந்த இடத்தில் மூன்று கேள்விகளையும் விரல் மடக்கிச் சொல்லப் பழக்குங்கள்: உணவோ தண்ணீரோ வேண்டுமா? தானாக வளருமா? குட்டியோ குஞ்சோ விதையோ கொடுத்துத் தன்னைப்போல் இன்னொன்றை உண்டாக்குமா? மூச்சுவிடுதல், கழிவை வெளியேற்றுதல் போன்றவை உயிரின் பண்புகளே என்றாலும், செடி மூச்சுவிடுவதைக் குழந்தை கண்ணால் பார்க்க முடியாது. பார்த்தறியக்கூடிய மூன்றே இப்போது போதும்.

அதன்பின் தென்னை. "அது நடக்காது" என்று சிலர் கல் வட்டத்தைக் காட்டுவார்கள். அப்போது மூன்று கேள்விகளையும் குழந்தைகளையே கேட்கவிடுங்கள். தண்ணீர் ஊற்றாவிட்டால் என்ன ஆகும், தென்னம்பிள்ளை எவ்வளவு உயரம் இருக்கும், மரம் எவ்வளவு உயரம், புதிய தென்னை எதிலிருந்து முளைக்கிறது என்பவை கிராமத்துக் குழந்தைகளுக்குத் தெரிந்த செய்திகளே. பள்ளிக்கு அருகில் தொட்டாற்சிணுங்கி இருந்தால் அதைத் தொட்டுக் காட்டும் ஆசை எழும். ஆனால் அசைவதால்தான் செடிக்கு உயிர் உண்டு என்ற பழைய விதியையே அது உறுதிப்படுத்திவிடும். ஆகவே அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முருங்கைப் போத்து அதைவிடப் பொருத்தமான சான்று. வெட்டி நட்ட வெறும் கொம்பு துளிர்ப்பதைப் பல குழந்தைகள் வீட்டிலேயே பார்த்திருப்பார்கள்.

மற்ற அட்டைகளை விரைவாகவே முடித்துவிடலாம். மேகம், ஆறு, கடிகாரம் ஆகியவற்றில் மட்டும் சற்று நில்லுங்கள். மழைக்காலத்தில் ஆறு பெரிதாகிறதே என்று ஒரு குழந்தை கேட்டால், மழை நீர் வந்து சேர்வதால் அது பெருகுகிறது, ஆட்டுக்குட்டி தின்ற தழையைத் தன் உடம்பாக மாற்றிக்கொண்டு வளர்கிறது என்று சொல்லுங்கள். அது தெளிவாகவில்லை என்றால், ஆற்றின் அட்டையைச் சதுரத்தில் வைத்துவிடலாம்.

வகுப்பு முடியும் முன் ஒரு கைப்பிடி பச்சைப்பயற்றைக் குழந்தைகள் கையாலேயே தண்ணீரில் போடச் செய்யுங்கள். மாலையில் நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி வைப்பது ஆசிரியரின் பொறுப்பு.

இரண்டாம் நாள்: கல்லா, உயிரா

'கல்லா மண்ணா' விளையாட்டு எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும். அதையே சற்று மாற்றிக்கொள்கிறோம். திடலில் ஒரு நடுக்கோடு போட்டு, ஒருபுறம் 'கல்', மறுபுறம் 'உயிர்' என்று வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் கோட்டின்மேல் நிற்க, ஒரு குழந்தை 'பட்டவர்' ஆகி அட்டைக் கட்டிலிருந்து ஒன்றை உருவித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டும். மற்றவர்கள் "கல்லா, உயிரா?" என்று உரக்கக் கேட்டுவிட்டு, தாங்கள் நினைக்கும் பக்கம் ஓட வேண்டும். எல்லோரும் நின்ற பிறகு பட்டவர் ஒருவரைத் தொட்டு "ஏன்?" என்று கேட்பார். தொடப்பட்டவர் ஒரு காரணம் சொல்ல வேண்டும். சொன்னதும் அவரே அடுத்த பட்டவர். காரணம் வராவிட்டால் அதே பக்கத்தில் நிற்கும் ஒருவரை உதவிக்கு அழைக்கலாம். ஒருவர் சொன்ன காரணத்தைக் கேட்டு மனம் மாறியவர்கள் மறுபக்கம் செல்லலாம். அப்படிச் செல்பவரைக் கேலி செய்யக் கூடாது என்பதை விளையாட்டு தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

தவறாக நின்றவர் வெளியேற வேண்டும் என்ற விதி இதில் இல்லை. யாருக்குப் பயிற்சி மிகுதியாகத் தேவையோ அவர்களைத்தான் அத்தகைய விதி முதலில் வெளியே அனுப்பும்.

எண்ணிக்கை பார்த்துக் கூட்டத்தோடு ஓடும் குழந்தைகள் இருப்பார்கள். நான்கைந்து சுற்றுகளுக்குப் பிறகு, கண்களை மூடிக்கொண்டு கையால் பக்கத்தைக் காட்டச் சொல்லி, அதன்பின் ஓடவிட்டால், யார் தானே முடிவு செய்கிறார்கள் என்பது தெரியும். ஓட இயலாத குழந்தை இருந்தாலோ மழை பெய்தாலோ ஓட்டத்தையே விட்டுவிட்டு, ஆளுக்கு ஓர் இலையும் ஒரு கூழாங்கல்லும் கொடுத்து, இடத்தில் அமர்ந்தபடியே ஒன்றைத் தூக்கிக் காட்டச் செய்யலாம். வகுப்பு முழுவதுமே இப்படி விளையாடட்டும். ஒரு குழந்தைக்கு மட்டும் தனி ஏற்பாடாக இருக்க வேண்டாம்.

விளையாட்டுக்கு 20 நிமிடங்கள் போதும். மீதி நேரத்தில் கடினமான மூன்று அட்டைகளையும் எடுத்துக்கொண்டு வட்டமாக அமருங்கள். முதலில் பயறு அட்டையைக் காட்டிக் கருத்துக் கேட்டுவிட்டு, பிறகு துணிக்கட்டை அவிழுங்கள். சில பயறுகளில் வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். டப்பாவில் இருக்கும் காய்ந்த பயற்றையும் அருகில் வைத்து, இதற்குள்ளும் அது உறங்கிக்கொண்டிருந்தது, தண்ணீர் கிடைத்ததும் விழித்துக்கொண்டது என்று சொல்லலாம்.

காய்ந்த மாவிலையும் வண்ணத்துப்பூச்சியும் "முன்பு உயிரோடு இருந்தவை". அவற்றைச் சதுரத்தில் வைத்து, கல் ஒருநாளும் உயிரோடு இருந்ததில்லை, இலை ஒரு காலத்தில் மரத்தில் உயிரோடு இருந்தது என்று வேறுபடுத்திச் சொல்லுங்கள். மர நாற்காலி மரத்திலிருந்து வந்ததுதானே என்று யாராவது அப்போது கேட்டால், பாராட்டி, அந்த அட்டையையும் சதுரத்துக்கு மாற்றிவிடுங்கள். இந்தப் பேச்சில் தாத்தாவோ பாட்டியோ இறந்ததைப் பற்றிச் சில குழந்தைகள் சொல்லக்கூடும். அதை அவசரமாகத் திசைதிருப்ப வேண்டாம். ஓரிரு நிமிடம் கேட்டு, அவர்களைப் பற்றி ஒரு நல்ல நினைவைச் சொல்லச் செய்துவிட்டு அடுத்த அட்டைக்குச் செல்லுங்கள். அவர்களை எந்த வட்டத்தில் வைப்பது என்ற கேள்விக்கு மட்டும் இடம் தராதீர்கள்.

மதிப்பீடு

எழுத்துத் தேர்வு தேவையில்லை. அடுத்து வரும் மூன்று நாள்களில், காலை வழிபாட்டுக்குப் பின் நாளொன்றுக்கு ஏழெட்டுக் குழந்தைகள் வீதம் தனியே அழைத்து, அசையாத உயிர் ஒன்றும் அசையும் உயிரற்ற பொருள் ஒன்றுமாக இரண்டு அட்டைகளைக் கொடுங்கள். புல்லும் பேருந்தும் நல்ல இணை. காரணத்தோடு இரண்டையும் சொன்னவர், விடை மட்டும் சொன்னவர், இன்னும் அசைவையே காரணமாகச் சொல்பவர் என்று பெயருக்கு எதிரே குறித்துக்கொண்டால் போதும். மூன்றாம் வகையினரைச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் குழுவில் சேர்த்து, துணிக்கட்டிலிருந்த பயறுகளைத் தொட்டியில் நடச் சொல்லுங்கள். இரு நாள்களுக்கு ஒருமுறை செடியின் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி அவர்களே சுவரில் ஒட்டிவரட்டும். நான்கு நூல்கள் சேர்ந்ததும் அதே இரண்டு அட்டைகளை மீண்டும் கொடுத்துக் காரணம் கேளுங்கள்.