கலாசி

ராத்திரி முழுக்க சார்ஜில் இருந்தும் காலையில் ரோபோவின் பேட்டரி பாதிகூட இருப்பதில்லை என்பதுதான் புகார். ஐதராபாத்தில் இருக்கும் மகள் பதிவு செய்திருந்தார். வீடு திருச்சி பொன்மலைப்பட்டியில்.

பெரியவருக்கு 79 வயது. 1969-ல் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் கலாசியாகச் சேர்ந்து, பிட்டராகி, 2008-ல் ஓய்வு பெற்றவர். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் இவ்வளவையும் சொல்லிவிட்டார். ஊட்டி மலை ரயில் எஞ்சின் ஓவர்ஹாலுக்கு வந்தால் அதன் பல்சக்கரத்தில் கை வைக்கும் ஆட்களில் தானும் ஒருத்தன் என்றும் சொன்னார். மனைவி போய் மூன்று வருஷம்.

ரோபோ ஹாலில் நின்றிருந்தது. இடுப்புக்குக் கொஞ்சம் மேல் வரும் உயரம். சக்கரம் வைத்த அடிப்பாகம், ஒரே ஒரு கை, மாத்திரைத் தட்டு, தலை இருக்கவேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு விளக்கு. இந்த மாடலுக்குக் குரல் உண்டு. வந்த இரண்டாம் நாளே அணைக்கச் சொல்லிவிட்டாராம்.

"வீட்ல விருந்தாளி உக்காந்திருக்கிற மாதிரியே இருந்துச்சு தம்பி. இப்பதான் சரி. கலாசி, அந்தப் பக்கம் தள்ளு."

அது தள்ளி நின்றது. தான் முதன்முதலில் பார்த்த வேலையின் பெயரையே அதற்கு வைத்திருந்தார்.

லேப்டாப்பை இணைத்துப் பார்த்தேன். பேட்டரியில் ஒரு கோளாறும் இல்லை. தினமும் ராத்திரி 2 மணிக்கு மேல் சார்ஜரை விட்டு நகர்ந்து, அவர் படுக்கையறை வாசலில் போய் நின்றுகொள்கிறது. விடியும் வரை அங்கேதான். பிப்ரவரியில் அவர் பாத்ரூமில் ஒரு முறை வழுக்கியிருக்கிறார். விழுந்தவரை 14 நாள் ராத்திரியில் கூடுதலாகக் கவனிக்கும்படி இதற்கு ஏற்பாடு உண்டு. ஆனால் நான் போனது ஜூலையில். 14 நாள் முடிந்து அந்த ஏற்பாடு தானாகவே அணைந்திருந்தது. அப்புறமும் போய் நின்றிருக்கிறது. அவருடைய இடது முழங்கால்தான் சரியில்லை. அது நிற்பதும் வாசலின் இடது பக்கம்.

ஏதாவது பிழை இருக்கும் என்று பழைய பதிவுகளைப் புரட்டினேன். அப்போதுதான் இது கண்ணில் பட்டது.

```
Sun 06:12 CLIMB_DETECTED
Sun 06:12 ALERT_QUEUED
Sun 06:12 ALERT_HELD
Sun 06:15 ALERT_CLEARED
```

பெரியவர் எதன் மேலாவது ஏறினால் மகளின் போனுக்குச் செய்தி போகவேண்டும். மகள் முக்கியமாகக் கேட்டு வாங்கிய வசதி அது. செய்தி தயாராகியிருக்கிறது, போகவில்லை. HELD என்பது சிக்னல் இல்லாதபோது செய்தியை நிறுத்தி வைப்பதற்கு. சிக்னல் இருந்திருக்கிறது. அடுத்த நிமிஷமே, 06:13-க்கு, முந்தைய நாள் ரத்த அழுத்தக் கணக்கு ஐதராபாத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

முந்தைய ஞாயிறும் இதே நாலு வரி. அதற்கு முந்தைய ஞாயிறும். எண்ணிக்கொண்டே போனேன். மொத்தம் 17 ஞாயிறு.

"ஐயா, ஞாயித்துக்கிழமை காலையில எது மேல ஏறுறீங்க?"

அவர் மறைக்கவில்லை. சுவரைக் காட்டினார். சமையலறைக்கு எதிரே, கதவு நிலைக்கு மேலே, சாவி கொடுக்கும் பழைய கடிகாரம். வாரம் ஒரு முறை சாவி கொடுக்கவேண்டும். மூலையில் ஒரு மர ஸ்டூல்.

"அவ இருந்தப்ப ஸ்டூலைப் புடிச்சுக்குவா. இப்ப இவன் புடிச்சுக்கிறான்."

"பிடிக்கச் சொல்லிக் கொடுத்தீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? ஒரு நா ஏறிட்டுக் கீழ பாக்குறேன், புடிச்சிட்டு நிக்கிறான்."

ஸ்டூலைத் திருப்பிப் பார்த்தேன். நாலு காலில் ஒரு கால் ஆடியது. அந்தக் காலில் மட்டும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வார்னிஷ் தேய்ந்து வெள்ளையாகியிருந்தது. ரோபோவின் பிடியைப் பார்த்தேன். மூன்று விரலுக்கும் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார். வழுக்காமல் இருக்கவாம். கட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

ஏறினால் செய்தி போகிற வசதியே கெட்டுவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். ஸ்டூலைக் கடிகாரத்துக்குக் கீழே போட்டு நானே ஏறினேன். கால் ஆடியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். ரோபோ இரண்டு முழத் தூரத்தில் நின்றது. என் பக்கம் வரவில்லை. விளக்கு என்னைப் பார்த்துக்கூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் பக்கம் திரும்பியிருந்தது.

நான் இறங்குவதற்குள் அவர் போன் அடித்தது.

"அப்பா, எது மேல ஏறினீங்க?"

"நான் இல்லம்மா. சர்வீஸ் தம்பி ஏறிப் பாத்தாப்ல."

போனை என்னிடம் கொடுத்தார். அந்தம்மா குரல் நடுங்கியது. "சாரி சார், மெசேஜ் வந்ததும் பயந்துட்டேன். இதுதான் முதல் தடவை வருது" என்றார். வசதி சரியாக வேலை செய்கிறது மேடம் என்றேன். அது பொய்யில்லை.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இதைப் பார்த்த சர்வீஸ் ஆள் என்ன செய்யவேண்டும் என்று தெரியும். படிவத்தில் எழுதினால் நாளைக்கே வண்டி வரும், இதை எடுத்துக்கொண்டு போய்த் துடைத்துவிட்டு, வேறொன்றைக் கொண்டு வந்து வைப்பார்கள். அது சரியாகச் செய்தி அனுப்பும். ஸ்டூலைப் பிடிக்காது. ஐதராபாத்தில் தூக்கம் வராமல் கிடக்கும் அந்தப் பெண்ணின் பயமும் பொய்யில்லை. மணப்பாறையில் தனியாக இருக்கும் என் அம்மா ஏணியில் ஏறினால் எனக்குத் தெரியவேண்டுமா என்று கேட்டால், தெரியத்தான் வேண்டும் என்பேன்.

"ஐயா, மேடம்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"சொல்றேன். வர்ற பொங்கலுக்கு வருவா. நேர்ல சொல்றேன். போன்ல சொன்னா பயந்துருவா."

"கடிகாரத்தைக் கீழ இறக்கி மாட்டித் தரட்டுமா? பத்து நிமிஷ வேலை. நின்னபடியே சாவி கொடுக்கலாம்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் ரோபோவைப் பார்த்தார்.

"அப்புறம் ஞாயித்துக்கிழமை இவன் என்னா பண்ணுவான்?"

சார்ஜரைக் கழற்றி, படுக்கையறை வாசலில், இடது பக்கமாக மாட்டினேன். இனி ராத்திரி எவ்வளவு நேரம் நின்றாலும் பேட்டரி இறங்காது. படிவத்தில் 'சார்ஜர் இடம் மாற்றப்பட்டது, கருவி நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதினேன். 'வேறு குறைகள்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன், எடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். ஆங்கிலத்தில், அச்சு மாதிரி.

கிளம்பும்போது ஸ்பேனர் என் பையிலேயே இருந்தது. அந்த ஸ்டூல் காலையாவது முடுக்கிவிட்டுப் போகலாம் என்று குனிந்தேன். ஆணியில்லை, போல்ட்தான். ஒரு சுற்று முடுக்கினால் போதும். 39 வருஷம் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர், எஞ்சின் பல்சக்கரத்தை அரைமில்லி பிசகாமல் பொருத்தியவர், பக்கத்திலேயே நின்று நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்டூலை முடுக்காமல் மூலையில் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டேன்.